உஷார்! இரண்டு கேமராவிலும் ஒரே C0001

இரண்டு கேமரா வைத்துக் குறும்படமோ டாக்குமென்ட்ரியோ எடுத்துக்கொண்டிருக்கிறீர்களா? நேற்று காப்பி போட்ட ஃபோல்டரை இப்போதே திறந்து பாருங்கள். A கேமராவில் எத்தனை கிளிப் ஓடியது, B கேமராவில் எத்தனை ஓடியது என்று கூட்டுங்கள். ஃபோல்டரில் அந்த எண்ணிக்கை வரவில்லையென்றால், எந்தக் கார்டையும் யாரும் ஃபார்மேட் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு கையில் இருக்கும்வரை இது சரிசெய்யக்கூடிய தவறுதான். கார்டு காலியாகி மறுபடி கேமராவுக்குள் போய்விட்டால் அந்தக் காட்சி போனது போனதுதான்.

எங்களுக்குப் போனது தனுஷ்கோடியில். இரண்டு நாள் ஷூட்டிங், ஏழு பேர் யூனிட். ஒரே மாடலில் இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு 128 ஜிபி கார்டு. முதல் நாள் விடியற்காலை, கடலிலிருந்து சூரியன் எழும்போது வயதான மீனவர் ஒருவர் வலையை உதறும் காட்சி. அந்த வெளிச்சம் கால் மணி நேரம்தான் இருக்கும். இரண்டு கேமராவும் விடாமல் ஓடின. வெயில் ஏறிய பிறகும் குளோசப், கை, கால், வலை என்று எடுத்துக்கொண்டே இருந்தோம். பத்தரை மணிக்கு A கேமராவில் 38 கிளிப், B கேமராவில் 41 கிளிப். கார்டுகளைக் காலி செய்தால்தான் சாயங்காலக் காட்சிக்கு நிம்மதியாக ஓட்டலாம் என்று நினைத்தோம்.

உதவி இயக்குநர் தம்பி வேனுக்குள் உட்கார்ந்து, மடியில் லேப்டாப் வைத்துக் காப்பி போட்டான். A கேமரா கார்டிலிருந்த PRIVATE என்ற ஃபோல்டரை அப்படியே இழுத்து, Day1 என்ற ஃபோல்டருக்குள் போட்டான். அது முடிந்ததும் B கேமரா கார்டைச் செருகி, அதிலிருந்த PRIVATE ஃபோல்டரையும் அதே Day1-க்குள் இழுத்தான். திரையில் ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, ஒரே பேர்ல ஃபைல் இருக்கு, ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்குது."

நான் வெளியே ரிஃப்ளெக்டரை மடித்துக்கொண்டிருந்தேன். "குடுத்துரு தம்பி, நேரமாகுது" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் முப்பத்தெட்டு கிளிப் போயிற்று. பட்டை பச்சையாக ஓடி முடிந்தது, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. தம்பி ஒரு கிளிப்பைத் திறந்து பார்த்தான், அதுவும் நன்றாக ஓடியது. இரண்டு கார்டையும் ஃபார்மேட் செய்து கொடுத்தான். எட்டு நாள் கழித்து எடிட்டர் போன் செய்து, "அண்ணே, பன்னிரண்டாவது சீனுக்கு A கேமரா ஃபுட்டேஜ் வேற டிஸ்க்ல இருக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

நடந்தது இதுதான். இந்த வகைக் கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு கிளிப்புக்கும் தாமாகவே பெயர் வைக்கின்றன. முதல் கிளிப் C0001.MP4, அடுத்தது C0002.MP4, இப்படியே போகும். ஃபார்மேட் செய்த கார்டைப் போட்டதும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தால், இரண்டு கேமராவிலும் காலையில் எடுத்த முதல் ஷாட்டின் பெயர் C0001. ஃபோல்டர் அமைப்பும் அச்சு அசலாக ஒன்றே: PRIVATE, அதற்குள் M4ROOT, அதற்குள் CLIP. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரே பெயருள்ள இரண்டு ஃபோல்டர்களை ஒன்றாகக் கலந்துவிடும். உள்ளே ஒரே பெயரில் ஃபைல்கள் மோதும்போதுதான் கேட்கும். Replace the files in the destination என்பதை அழுத்தினால் A கேமராவின் C0001 அழிந்து, அந்த இடத்தில் B கேமராவின் C0001 உட்காரும். Skip these files என்பதை அழுத்தினாலும் தப்பிக்க முடியாது. அப்போது A-யின் 38 கிளிப்பும் அப்படியே இருக்கும், B-யிலிருந்து 39, 40, 41 என்ற மூன்று மட்டும் உள்ளே வரும், மிச்சம் வராது. இரண்டில் எதை அழுத்தியிருந்தாலும் எங்கள் ஃபோல்டரில் 41 கிளிப்தான் இருந்திருக்கும். இருக்க வேண்டியது 79.

மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அங்கே ஒரே பெயருள்ள ஃபோல்டரை இழுத்துப் போட்டு Replace கொடுத்தால் உள்ளே கலப்பது கிடையாது. பழைய ஃபோல்டர் முழுவதும் போய்விடும், புதியது அதன் இடத்துக்கு வரும். பெயர் மோதாத கிளிப்கள்கூட மிஞ்சாது.

ஆகவே முதல் விதி: காப்பி போடும்போது கம்ப்யூட்டர் Replace என்றோ Skip என்றோ கேட்டால், எதையும் அழுத்தாமல் Cancel கொடுங்கள். ஷூட்டிங் காப்பியில் அந்தக் கேள்வி வரவே கூடாது. வந்தால், இரண்டு கார்டு ஒரே ஃபோல்டருக்குள் போகப் பார்க்கிறது என்றே பொருள். ஒவ்வொரு கார்டும் தனக்கென்று ஒரு புது, காலி ஃபோல்டருக்குள் போனால் அந்தக் கேள்வி எழ வழியே இல்லை.

அந்த ஃபோல்டருக்கு என்ன பெயர் வைப்பது? இங்கேதான் பெரும்பாலோர் அவசரத்தில் 'காலை', 'புது கார்டு', 'புது கார்டு 2', 'ஃபைனல்' என்று வைத்து, மூன்றாம் நாள் தாங்களே குழம்பிப் போகிறார்கள். பெரிய சினிமா கேமராக்கள் வைக்கும் பெயரைக் கொஞ்சம் கவனித்தால் வழி தெரியும். ஆரி கேமராவில் கிளிப்பின் பெயர் A001C001 என்று ஆரம்பிக்கும். A என்பது கேமரா, 001 என்பது ரோல், C001 என்பது அந்த ரோலில் எத்தனையாவது கிளிப் என்பது. அதற்குப் பிறகு தேதியும் கேமராவின் அடையாளமும் வரும். ஃபிலிம் காலத்தில் டப்பா மேல் ஒட்டிய லேபிளின் வேலையை இந்தப் பெயர் செய்கிறது. நம் சின்னக் கேமரா அதைச் செய்யாவிட்டால், ஃபோல்டர் வழியாக நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். படத்தின் பெயர் 'உப்பு' என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
UPPU_D01_20250614_A001
UPPU_D01_20250614_A002
UPPU_D01_20250614_B001
UPPU_D01_20250614_S001
```

படம், ஷூட்டிங் நாள், தேதி, கேமராவும் ரோலும். S என்பது சவுண்ட் ரெக்கார்டர். தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் கம்ப்யூட்டர் தானாகவே காலவரிசையில் அடுக்கிக் காட்டும். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போடுவதும் அதற்காகத்தான். வெறும் 1, 2, 10 என்று வைத்தால் சில சாஃப்ட்வேர்கள் 1, 10, 2 என்று அடுக்கிவிடும். பெயரில் இடைவெளி வேண்டாம், கீழ்க்கோடு போதும். சாய்கோடு, முக்காற்புள்ளி போன்ற குறிகளும் வேண்டாம். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த ஃபோல்டர் உங்கள் லேப்டாப்பிலிருந்து எடிட்டர் கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து டப்பிங், கலர் என்று இன்னும் நாலு இடத்துக்கும் போக வேண்டியது. எங்காவது ஒரு பழைய மென்பொருள் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டினால் சிக்கல். தமிழை ஸ்கிரிப்டில் வைத்துக்கொள்வோம், ஃபைல் பெயரில் வேண்டாம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கார்டு வேறு, ரோல் வேறு. ஒரு கேமராவுக்குக் கையில் இருக்கும் கார்டு இரண்டே இரண்டுதான். ஆனால் ஒரு கார்டு ஒவ்வொரு முறை காலியாகி மறுபடி கேமராவுக்குள் போகும்போதும் அது புது ரோல். முதல் நாள் A கேமராவில் A001, A002 என்று இரண்டு ரோல் ஓடியிருந்தால், இரண்டாம் நாள் அதே கார்டைப் போட்டாலும் A003 என்றுதான் தொடங்க வேண்டும். நாள் மாறிவிட்டதே என்று மறுபடி A001 போடக்கூடாது. படம் முடியும்வரை ஒரு ரோல் எண் இரண்டாவது தடவை வரவே கூடாது. கார்டைக் கேமராவில் போடும் நொடியிலேயே ஒரு துண்டு டேப்பில் ரோல் எண்ணை எழுதிக் கேமரா மேல் ஒட்டுங்கள். கிளாப் போர்டிலும் அதே எண் இருக்கட்டும். கார்டு வெளியே வரும்போது அந்த டேப்பும் கார்டு டப்பியோடு கூடவே வர வேண்டும்.

ஃபோல்டருக்குள்ளே கை வைக்காதீர்கள். PRIVATE என்று தொடங்கும் அமைப்பு முழுவதையும் அப்படியே எடுத்து A001 ஃபோல்டருக்குள் வையுங்கள். MP4 மட்டும் போதும் என்று பொறுக்கி எடுக்கிறவர்கள் உண்டு. கிளிப்போடு கூட வரும் C0001M01.XML போன்ற சிறு ஃபைல்களில் கேமரா குறித்துவைத்த தகவல்கள் இருக்கின்றன. சில கேமராக்களில் ஒரு நீளமான ஷாட்டே பல துண்டு ஃபைல்களாக இருக்கும். ரெட் கேமரா அப்படித்தான் எழுதும். ஒரு துண்டு விட்டுப்போனால் ஷாட்டின் நடுவில் ஓட்டை விழும். கிளிப்பின் பெயரை நீங்களாக மாற்றி எழுதுவதும் ஆபத்து. ஒரு டிஸ்க்கில் மாற்றி இன்னொன்றில் மாற்றாமல் விட்டால், பிறகு இரண்டும் ஒன்றுதானா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் எடிட் டேபிளில் இரண்டு C0001 இருக்குமே? இருக்கும், அதுவும் தொல்லைதான். டிஸ்க் மாறி, எடிட் சாஃப்ட்வேர் 'ஃபைலைக் காணோம், எங்கே இருக்கிறது' என்று கேட்கும்போது, தவறான ஃபோல்டரைக் காட்டினால் A கேமரா ஷாட் இருந்த இடத்தில் B கேமரா ஷாட் வந்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க வேண்டிய இடம் கேமரா, அதுவும் ஷூட்டிங்குக்கு முந்தின நாள் இரவு. சோனியின் எஃப்எக்ஸ்3, ஏ7எஸ்3 போன்ற மாடல்களில் வீடியோ ஃபைல் பெயருக்கு முன்னால் நாம் விரும்பும் எழுத்துகளைச் சேர்க்கும் வசதி மெனுவில் இருக்கிறது. File Name Format என்பதை Title என்று மாற்றி, ஒன்றுக்கு A, மற்றொன்றுக்கு B என்று கொடுங்கள். File Number என்பது Series-இல் இருக்கட்டும், அப்போது கார்டு மாறினாலும் எண் தொடர்ந்து ஏறும். மற்ற கம்பெனிக் கேமராக்களிலும் இதுபோல ஏதாவது இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும் கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. எங்களுக்கு அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த மீனவர் வலை உதறியதை A கேமரா எடுத்த ஷாட்கள் எங்களிடம் இருந்திருக்கும்.

இனி, பச்சைப் பட்டை. நாங்கள் நம்பி மோசம் போனது அதைத்தான். பட்டை ஓடி முடிந்தது என்றால், கம்ப்யூட்டர் எழுதி முடித்துவிட்டதாக நினைக்கிறது என்று மட்டுமே பொருள். எழுதியது சரியாகப் பதிந்ததா என்று அது திரும்பிப் படித்துப் பார்ப்பதில்லை. ஆட்டம் கண்ட கேபிள், சூடேறிய கார்டு ரீடர், சாகக் கிடக்கும் டிஸ்க் எதுவானாலும் நடுவில் சில எழுத்துகளைக் கெடுத்துவிடலாம், ஃபைலின் அளவு மாறாமலே. அதனால் 'ஜிபி சரியாக இருக்கிறதே' என்ற சமாதானமும் முழுச் சமாதானம் இல்லை.

இதற்குத்தான் செக்சம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபைலின் ஒவ்வொரு எழுத்தையும் படித்துக் கணக்குப் போட்டு, அதற்கென்று ஒரு கைரேகை எடுப்பது போல. கார்டிலிருக்கும் ஃபைலுக்கு ஒரு கைரேகை, டிஸ்க்கில் பதிந்த ஃபைலுக்கு ஒரு கைரேகை. இரண்டும் ஒத்துப்போனால் காப்பி சரி. ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ரேகை வேறாகிவிடும். பெரிய யூனிட்டில் இதற்கென்றே டிஐடி என்று ஒருவர் இருப்பார், சில்வர்ஸ்டாக், ஷாட்புட் ப்ரோ போன்ற சாஃப்ட்வேர்களை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். நமக்குக் காசு செலவில்லாத வழியும் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பில் மீடியா பக்கத்திலேயே Clone Tool என்று ஒன்று உண்டு. ஒரு கார்டை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குக்குக் காப்பி போட்டு, செக்சமும் பார்த்துக்கொடுக்கும். விண்டோஸில் டெராகாப்பியை, காப்பி முடிந்ததும் சரிபார்க்கும் அமைப்போடு பயன்படுத்தலாம். ஒரே ஒரு ஃபைலின் மேல் சந்தேகம் வந்தால் விண்டோஸிலேயே இந்த வரியை அடித்து, கார்டிலும் டிஸ்க்கிலும் வரும் எண்களை ஒப்பிடலாம்:

```
certutil -hashfile C0001.MP4 MD5
```

செக்சமுக்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கார்டில் இருப்பதும் டிஸ்க்கில் இருப்பதும் ஒன்றுதான் என்று மட்டுமே அது சொல்லும். கார்டில் இருப்பதே கெட்டுப்போன கிளிப் என்றால், அந்தக் கெட்டுப்போன கிளிப்பை மிகச் சரியாகக் காப்பி போட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லும். ஆகவே கண்ணாலும் பார்க்க வேண்டும். அதையும் டிஸ்க்கிலிருந்து பார்க்க வேண்டும், கார்டிலிருந்து அல்ல. ஒவ்வொரு ரோலிலும் முதல் கிளிப், கடைசிக் கிளிப், இருப்பதிலேயே நீளமான கிளிப் மூன்றையும் திறந்து, கடைசி நொடிவரை தள்ளிப் பாருங்கள். கடைசிக் கிளிப் முக்கியம். பேட்டரி இறங்கியோ, ஓடும்போதே யாராவது கார்டைப் பிடுங்கியோ கெடுவது பெரும்பாலும் அதுதான். எங்கள் தம்பி திறந்து பார்த்த அந்த ஒரு கிளிப் B கேமராவினுடையது. அது எந்தக் கேமரா என்று பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவசரத்தில்தான் எல்லாத் தவறும் நடக்கிறது. நொடிக்கு 80 எம்பி படிக்கும் சாதாரண எஸ்டி கார்டு என்றால், 128 ஜிபி நிறைந்த கார்டைக் காப்பி போட ஏறக்குறைய 27 நிமிடம். டிஸ்க்கிலிருந்து திரும்பப் படித்துச் சரிபார்க்க இன்னும் 20 நிமிடத்துக்கு மேல். ஆக ஒரு கார்டுக்கு 50 நிமிடம். கார்டு ரீடரைப் பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகிவிட்டால் காப்பி மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். வேனில் உட்கார்ந்து, லேப்டாப் பேட்டரி இறங்கிக்கொண்டிருக்க, கார்டு வேண்டும் என்று கேமராமேன் கதவைத் தட்டும்போது, இந்த 50 நிமிடத்தை யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

அதனால் நான் இப்போது பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்: ஷூட்டிங் நாளில் ஃபார்மேட் கிடையாது. ஒரு முழு நாளுக்குப் போதுமான கார்டு கையில் இருந்தால் அந்த அவசரமே வராது. கணக்கு எளிது. நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு கேமரா ஒரு நாளில் மூன்று மணி நேரம் ஓடும் என்றால் 135 ஜிபி. அப்படியானால் ஒரு கேமராவுக்கு இரண்டு கார்டு, கூட ஒன்று கைவசம். இரண்டு கேமராவுக்கு ஆறு கார்டு. எங்களிடம் இருந்தது நாலு. நிஜத்தில் அன்றைக்கு எங்களுக்கு அந்த நாலே போதுமாக இருந்தது, பொறுத்திருந்தால். ஆனால் இடம் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான் பத்தரை மணிக்கே காலி செய்யக் கிளம்பினோம். கூடுதலாக இரண்டு கார்டை வாடகைக்கு எடுத்திருந்தால் அந்தப் பயமே இருந்திருக்காது.

நிறைந்த கார்டு வெளியே வந்ததும் செய்ய வேண்டியது: எஸ்டி கார்டின் பக்கவாட்டிலிருக்கும் சின்ன லாக்கைக் கீழே தள்ளுங்கள். சிவப்பு டேப் ஒட்டித் தனி டப்பியில் போடுங்கள். சிவப்பு டேப் இருக்கும் கார்டைக் கேமராவுக்குள் போடும் உரிமை யாருக்கும் இல்லை. டேப்பை எடுக்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான், அவர் பெயர் ஷூட்டிங் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஃபார்மேட்டும் கம்ப்யூட்டரில் அல்ல, கேமராவில்தான். இன்னொன்று: கேமராவில் வைத்தே 'இது என்ஜி' என்று எந்தக் கிளிப்பையும் அழிக்காதீர்கள். நடுவில் ஓர் எண் காணாமல் போனால், அது நாம் அழித்ததா, காப்பியில் விட்டுப்போனதா என்று இரவில் யாருக்கும் தெரியாது.

அந்த ஒருவர் கையில் ஒரு நோட்டும் இருக்க வேண்டும். எக்செல் எல்லாம் வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வரி:

```
A001 | C0001 - C0038 | 38 | 60 GB | D1 ok | D2 ok
B001 | C0001 - C0041 | 41 | 55 GB | D1 ok | D2 ok
```

முதல் கிளிப், கடைசிக் கிளிப், எத்தனை, எவ்வளவு ஜிபி என்பதைக் கேமராமேன் சொல்லச் சொல்ல, கார்டு வெளியே வரும்போதே எழுதிவிட வேண்டும். காப்பி முடிந்ததும் டிஸ்க்கில் எண்ணிப் பார்த்து ஒப்பிட வேண்டும். எண்ணும்போது XML ஃபைல்களைச் சேர்க்காமல் MP4 மட்டும் எண்ணுங்கள். இந்த இரண்டு வரி எங்களிடம் இருந்திருந்தால், 38-ம் 41-ம் 79, 60-ம் 55-ம் 115 ஜிபி, ஆனால் Day1 ஃபோல்டரில் 41 கிளிப், 55 ஜிபிதான் இருக்கிறது என்பது அந்த வேனுக்குள்ளேயே தெரிந்திருக்கும். செக்சம்கூடத் தேவைப்பட்டிருக்காது. கூட்டல் போதும்.

டிஸ்க் இரண்டு வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் இருந்தது ஒன்று. இரண்டையும் கார்டிலிருந்தே நேராக எழுதுங்கள். முதல் டிஸ்க்கிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தால், முதலில் விழுந்த ஓட்டையே இரண்டாவதிலும் விழும். எங்களிடம் இன்னொரு டிஸ்க் இருந்து, அன்று இரவு Day1-ஐ அதற்கு இழுத்திருந்தால், அதே 41 கிளிப்தான் அங்கேயும் இருந்திருக்கும். எழுதி முடித்த பிறகு இரண்டு டிஸ்க்கையும் ஒரே பையில் போடாதீர்கள். ஒன்று கேமராமேன் அறையில், ஒன்று மேனேஜர் அறையில். ஊருக்குத் திரும்பும்போதும் ஒன்று வேனில் என்றால் மற்றொன்று ரயிலில்.

1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி கண்ணெதிரே மறைந்துபோனது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது சில வாரங்களாகவே சரியாக வேலை செய்யவில்லை, அதுவரை யாரும் திறந்து பார்க்கவுமில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்திருந்தார். அதை அலுங்காமல் காரில் வைத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குக் கைகொடுத்தது ஒரு வீட்டில் இருந்த ஒரு காப்பி. நம்மிடம் வீடுகளுக்குக் குறைவில்லை. டிஸ்க்குகளைப் பிரித்து வையுங்கள்.

சவுண்டை மறக்காதீர்கள். கேமரா கார்டுகளைச் சுற்றி இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடக்கும்போது, ரெக்கார்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னக் கார்டு ரெக்கார்டரோடேயே பையில் ஏறி, சவுண்ட் தம்பியோடு பஸ் ஏறிப் போய்விடும். மறுநாள் அவனுக்கு வேறு ஷூட்டிங், அங்கே அதே கார்டு ஃபார்மேட் ஆகும். சில ரெக்கார்டர்களும் ZOOM0001, ZOOM0002 என்று ஒரே மாதிரிப் பெயர்தான் வைக்கின்றன, இரண்டு நாள் சவுண்டை ஒரே ஃபோல்டரில் போட்டால் அங்கேயும் இதே கதைதான். நம் செட்டில் கிளம்பச் சொல்வதும் 'பேக்கப்'தான், காப்பி எடுப்பதும் 'பேக்கப்'தான். இரண்டாவது பேக்கப் முடியாமல் முதல் பேக்கப்பைச் சொல்லாதீர்கள் என்று நான் இப்போது இயக்குநர்களிடம் கெஞ்சுகிறேன். குறைந்தபட்சம், S001 எழுதிய டப்பி கைக்கு வரும்வரை சவுண்ட் தம்பியை விடாதீர்கள்.

இதையெல்லாம் படிக்கும் முன்பே தவறு நடந்துவிட்டவர்களுக்கு. கார்டை ஃபார்மேட் செய்துவிட்டீர்கள், ஃபுட்டேஜ் டிஸ்க்கில் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றால், அந்தக் கார்டில் இனி ஒரு நொடிகூட எடுக்காதீர்கள். உடனே வெளியே எடுத்து லாக் செய்யுங்கள். கேமராவில் சாதாரண ஃபார்மேட் செய்யும்போது பெரும்பாலும் பெயர்ப்பட்டியல்தான் அழிகிறது, படம் உள்ளேயே கிடக்கும், அதன்மேல் புதிதாக எழுதாதவரை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளாலோ, காசு வாங்கும் மீட்புக் கடைகளாலோ எடுக்க முடிந்தாலும் முடியும். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கார்டில் அன்று சாயங்காலமே இருபது ஜிபிக்கு மேல் எடுத்துவிட்டோம். ஃபார்மேட் செய்த கார்டில் கேமரா பொதுவாக முன்பக்கத்திலிருந்துதான் எழுதத் தொடங்கும். காலையில் முதலில் எடுத்தது இருந்த இடமும் அதுவே. ஆக, சூரிய உதயம்தான் முதலில் போனது. எடிட்டர் போன் வந்த பிறகு கார்டை வாங்கி மீட்டுப் பார்த்ததில், வெயில் ஏறிய பின் எடுத்த பதினோரு கிளிப் கிடைத்தன, அதில் மூன்று பாதியிலேயே நின்றன. அவற்றுக்கு C0001 என்ற பெயரும் இல்லை. f என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் ஏழெட்டு இலக்கமும்தான். எது எந்த ஷாட், எத்தனையாவது டேக் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது: ஒவ்வொன்றையும் திறந்து, முதல் சில ஃபிரேமில் கிளாப் போர்டு தெரிகிறதா என்று பார்ப்பது. பதினொன்றில் நாலில் மட்டும் கிளாப்பில் எழுதியது படிக்கும்படி இருந்தது. மற்றவற்றில் கிளாப் ஃபோகஸ் இல்லாமலோ, அடித்த வேகத்தில் வெளியே போய்விட்டோ இருந்தது. அதனால் நாளைக்குக் கிளாப் அடிக்கப் போகும் தம்பியிடம் சொல்லி வையுங்கள்: கேமரா ஓட ஆரம்பித்ததும், அடிக்கும் முன், ரோல் எண் தெரியும்படி போர்டை லென்ஸுக்கு நேராக இரண்டு நொடி அசையாமல் பிடிக்க வேண்டும். A-க்கு ஒரு தடவை, B-க்கு ஒரு தடவை.